ஒரு காதில் மட்டும் கேட்பவர்களுக்கு வயர்லெஸ் இயர்பட்ஸ்: மோனோ, பேலன்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது, வீக்கம் வடிந்தபோது காதும் போயிருந்தது. இடது காதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் பாட்டு, படம், ஆபீஸ் மீட்டிங் எல்லாம். இதே நிலையில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டவை இவை. மெனுக்களின் பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே ஆங்கில எழுத்தில் கொடுத்திருக்கிறேன், தேடும்போது குழப்பம் வரக்கூடாது என்பதற்காக.

யூடியூப் பேட்டியில் கேள்வி கேட்பவர் குரல் மட்டும் வருகிறது, பதில் சொல்பவர் வாயசைக்கிறார், சத்தமே இல்லை. இயர்பட்ஸ் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. சின்ன சேனல்களில் சட்டையில் குத்துகிற இரண்டு வயர்லெஸ் மைக் வைத்துப் பேட்டி எடுக்கிறார்கள். அந்த மைக் ரிசீவரில் ஸ்டீரியோ என்று ஒரு நிலை உண்டு. அதில் வைத்துவிட்டால் ஒருவர் குரல் இடது பக்கத்திலும் மற்றவர் குரல் வலது பக்கத்திலும் தனித்தனியாகப் பதிவாகும். எடிட் செய்யும்போது இரண்டையும் கலந்துவிட வேண்டும், அதை மறந்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு காதும் கேட்பவருக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், அவ்வளவுதான். நமக்குப் பாதிப் பேட்டியே கிடையாது.

இயர்பட்ஸ் மேல் சந்தேகம் இருந்தால் யாருக்காவது ஒரு கால் போட்டுப் பாருங்கள். ப்ளூடூத்தில் சாதாரண ஃபோன் கால் மோனோவாகத்தான் வருகிறது, ஒரே குரல்தான் இரண்டு பட்டுக்கும் போகிறது. ஆகவே கால் தெளிவாகக் கேட்டு, பாட்டிலும் வீடியோவிலும் மட்டும் ஏதோ காணாமல் போகிறது என்றால் பட் நன்றாக இருக்கிறது, ஸ்டீரியோவின் மறுபாதிதான் உங்களுக்கு வரவில்லை. அதற்கு மருந்து மோனோ ஆடியோ.

பேலன்ஸ் ஸ்லைடரை எனக்குக் கேட்கிற காது பக்கம் முழுசாகத் தள்ளிவிட்டால் போதாதா?

போதாது. நானே ஒரு வருஷத்துக்கு மேல் இந்தத் தப்பைச் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டு தொட்டி, இரண்டு குழாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இடது தொட்டித் தண்ணீர் இடது குழாயில் வரும், வலது தொட்டித் தண்ணீர் வலது குழாயில் வரும். பேலன்ஸை இடது பக்கம் தள்ளுவது வலது குழாயை மூடுவதுதான், அந்தத் தண்ணீர் இடது குழாய்க்குத் திரும்பி வருவதில்லை, தொட்டியிலேயே நின்றுவிடுகிறது. மேலே சொன்ன பேட்டியில் பேலன்ஸை எங்கே நகர்த்தினாலும் பதில் சொல்பவர் குரல் என் இடது காதுக்கு வராது. மோனோ வேறு வேலை செய்கிறது: இரண்டு தொட்டித் தண்ணீரையும் முதலில் ஒன்றாகக் கலந்துவிட்டு, அந்தக் கலவையையே இரண்டு குழாயிலும் விடுகிறது. எந்தக் குழாயில் பிடித்தாலும் முழுத் தண்ணீர்.

ஆக, ஒரு காது முழுக்கக் கேட்காதவர் மோனோவைப் போட்டுவிட்டு பேலன்ஸை நடுவிலேயே விட்டுவிடலாம். இரண்டு பட்டையும் மாட்டிக்கொள்கிறவர், கேட்காத காதில் இருக்கிற பட் சும்மா கத்திக்கொண்டிருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கிறது என்று நினைத்தால், மோனோ போட்ட *பிறகு* பேலன்ஸைத் தன் பக்கம் தள்ளிக்கொள்ளலாம். அதில் நஷ்டமில்லை, கலந்த சத்தம்தானே வருகிறது. ஒரே ஆபத்து, பின்னால் யாராவது மோனோவை அணைத்துவிட்டால் நீங்கள் மறுபடி பாதியைத்தான் கேட்பீர்கள், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஐபோனில் இது எங்கே இருக்கிறது?

Settings > Accessibility > Audio & Visual. பழைய பதிப்புகளில் கடைசிப் பெயர் Audio/Visual என்று இருக்கும். உள்ளே Mono Audio என்ற சுவிட்ச், அதன் அருகிலேயே L, R என்று இரண்டு முனை போட்ட Balance ஸ்லைடர். சுவிட்சைப் போட்டதும் உடனே மாறும், ரீஸ்டார்ட் எதுவும் வேண்டாம். ஸ்லைடரைத் தெரியாமல் தொட்டு நகர்த்திவிடுவது சுலபம், அதனால் ஏதாவது சந்தேகம் வந்தால் முதலில் அது நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏர்பாட்ஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒரு பட்டை மட்டும் காதில் வைத்தால் வெளிச்சத்தத்தைக் குறைக்கிற வசதி வழக்கமாக வேலை செய்யாது. Accessibility-க்குள்ளேயே AirPods என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே Noise Cancellation with One AirPod என்பதைப் போட்டுவிட்டால் ஒற்றைப் பட்டிலும் வேலை செய்யும். நமக்காகவே வைத்த மாதிரியான வசதி, ஆனால் மெனுவில் இவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்திருக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டில்?

கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், அதுதான் தொல்லை. சாம்சங் கேலக்ஸியில் Settings > Accessibility > Hearing enhancements என்று போனால் Mono audio இருக்கும், அதன் கீழே இடது வலது பேலன்ஸ். கூகுள் பிக்ஸலில் Accessibility-க்குள் Audio adjustment. மற்ற ஃபோன்களில் செட்டிங்ஸின் மேலே இருக்கிற தேடல் பெட்டியில் mono என்று தட்டுங்கள். நான் யார் ஃபோனைக் கையில் வாங்கினாலும் அதைத்தான் செய்கிறேன், மெனுவுக்குள் அலைவதைவிட அது வேகம். ஃபோன் தமிழில் இருந்தால் மோனோ என்று தமிழிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஃபோனில் மோனோ போட்டுவிட்டேன். அதே இயர்பட்ஸை லேப்டாப்பில் இணைத்தால் பழையபடி பாதிதான் கேட்கிறதே?

கலக்கிற வேலை இயர்பட்ஸுக்குள் நடப்பதில்லை. ஃபோனே கலந்து, கலந்த பிறகுதான் ப்ளூடூத்தில் அனுப்புகிறது. லேப்டாப்புக்கு நீங்கள் ஃபோனில் என்ன செய்தீர்கள் என்று தெரியாது. எந்தெந்தக் கருவியிலிருந்து கேட்கிறீர்களோ அந்தந்தக் கருவியில் ஒருமுறை போட்டாக வேண்டும்.

விண்டோஸ் 11-இல் Settings > Accessibility > Audio, அங்கே Mono audio. விண்டோஸ் 10-இல் Accessibility என்பதற்குப் பதில் Ease of Access என்று இருக்கும். இரண்டிலுமே விண்டோஸ் சாவியையும் U-வையும் சேர்த்து அழுத்தினால் நேரே அந்த Accessibility அல்லது Ease of Access பகுதிக்கே போய்விடலாம், அங்கிருந்து Audio. மேக்கில் System Settings > Accessibility > Audio, அதில் Play stereo audio as mono. பேலன்ஸ் மட்டும் மேக்கில் வேறு இடம், Sound பகுதியில் Output-க்குள் இருக்கிறது.

டிவியில் இந்த வசதி எல்லா மாடலிலும் கிடையாது. செட்டிங்ஸில் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் படத்தை ஃபோனிலோ லேப்டாப்பிலோ பார்ப்பதுதான் வழி.

மோனோ உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு காதுதானே?

ஒரு காது போதும். யூடியூபில் left right stereo test என்று தேடினால் ஏகப்பட்ட வீடியோ வரும், ஒரு குரல் முதலில் இடது பக்கத்தில் மட்டும் "left" என்றும் பிறகு வலது பக்கத்தில் மட்டும் "right" என்றும் சொல்லும். என் அனுபவத்தையே சொல்கிறேன், நான் கேட்பது இடது காதில்.

மோனோ அணைத்து, இரண்டு பட்டையும் மாட்டி ஓடவிட்டேன். "left" கேட்டது, "right" வரவேண்டிய இடத்தில் மௌனம். திரையில் அம்புக்குறி வலது பக்கம் காட்டுகிறது, எனக்கு ஒன்றுமில்லை. இது எதிர்பார்த்ததுதான். மோனோ போட்டேன், இரண்டு சொல்லும் ஒரே அளவில் கேட்டன, ஆனால் "left" முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக ஒலித்தது. இதுவும் சரியானதே, காரணம் கீழே வருகிறது. அடுத்து, வலது பட்டை டப்பாவில் போட்டு மூடிவிட்டு இடது பட்டை மட்டும் வைத்து, மோனோவை மறுபடி அணைத்துப் பார்த்தேன். இந்த மூன்றாவது சோதனைதான் உங்கள் பட்டின் குணத்தைக் காட்டும். இதிலும் இரண்டு சொல்லும் கேட்டால், ஒற்றையாகப் போட்டதும் பட் தானே கலந்துகொள்கிறது என்று அர்த்தம். "left" மட்டும் வந்தால், அது தன் பாதியை மட்டும் வாசிக்கிற பட்.

மோனோ போட்ட பிறகும் ஒரு சொல் வரவில்லை என்றால் பேலன்ஸ் ஸ்லைடரைப் பாருங்கள். அதுவும் நடுவில்தான் இருக்கிறது என்றால் வீடியோவைக் காட்டுகிற ஆப்பை மூடித் திறங்கள், இயர்பட்ஸைத் துண்டித்து இணையுங்கள். ஃபோனின் சொந்த ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் கேட்பது இந்தச் சோதனைக்கு உதவாது, ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் காற்றிலேயே கலந்துவிடும்.

ஒரு பட்டை மட்டும் போட்டால் அது தானாகவே மோனோ ஆகிவிடும் என்று கடைக்காரர் சொன்னாரே?

சிலவற்றில் ஆகும். ஏர்பாட்ஸ் அப்படித்தான், ஒன்றை மட்டும் காதில் வைத்தால் இரண்டு பக்கத்தையும் அதிலேயே கொடுத்துவிடும். விலை குறைந்த பட்ஸ் எல்லாவற்றிலும் இதை நம்ப முடியாது. பெரும்பாலான பட்ஸில் ஃபோனிலிருந்து ஸ்டீரியோ முழுவதும் வருகிறது, ஒவ்வொரு பட்டும் அதிலிருந்து தன் பாதியை எடுத்து வாசிக்கிறது. தனியாக இருக்கும்போது இரண்டையும் கலக்க வேண்டும் என்று அதற்குள் இருக்கிற மென்பொருளில் எழுதியிருந்தால்தான் கலக்கும். எழுதியிருக்கிறதா என்பது டப்பா மேல் போடுகிற விஷயமில்லை.

இன்னொரு சங்கடம் இதில் உண்டு. தானாகக் கலக்கிற பட்டிலும், இரண்டாவது பட் டப்பாவிலிருந்து வெளியே வந்துவிட்டால் போச்சு. பையில் கிடக்கிறது, மேஜையில் கிடக்கிறது, ஆனால் ஃபோனுக்கு அது இன்னும் இணைந்த நிலையில்தான் தெரியும். அப்போது உங்கள் காதில் இருப்பது மறுபடி தன் பாதிக்குப் போய்விடலாம். ஃபோனிலேயே மோனோவைப் போட்டுவிட்டால் இந்த எந்தக் கவலையும் இல்லை, பட் பாதியை எடுத்தாலும் முழுசை எடுத்தாலும் கிடைப்பது ஒன்றேதான். நான் வருஷக்கணக்காக அதை அணைத்ததே இல்லை.

மோனோ போட்ட பிறகு பாட்டு சப்பென்று இருக்கிறது. ஒரு கரோக்கி டிராக்கில் சத்தமே அடங்கிவிட்டது. என்ன காரணம்?

இரண்டும் வேறு வேறு விஷயம்.

சப்பென்று இருப்பதற்கு முதல் காரணம் சத்தத்தின் அளவு. கலக்கும்போது இடதையும் வலதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள், இல்லையென்றால் சத்தம் உச்சத்தில் உடைந்துபோகும். பாடகர் குரல் பொதுவாக இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் இருக்கும், கூட்டி வகுத்தாலும் அதே அளவுதான். ஒரு பக்கத்தில் மட்டும் வைத்த கிட்டாரோ வயலினோ பாதியாகிவிடும், டெசிபல் கணக்கில் 6 குறையும். அதனால்தான் அந்த "left" என்ற சொல் மெதுவாக ஒலித்தது. பாட்டில் குரல் முன்னால் நிற்கும், ஓரத்து வாத்தியங்கள் பின்னால் போகும். இதுவரை கேட்காமலே இருந்த ஒரு வயலின் வரிசை இப்போது பின்னாலாவது இருக்கிறதே என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 70-களின் கடைசியிலிருந்து வந்த தமிழ்ப் பாட்டுகளை முதல்முறை மோனோவில் கேட்டபோது எனக்குச் சில இடங்களில் வேறு பாட்டு கேட்பது போலவே இருந்தது.

கரோக்கி விவகாரம் இன்னும் வேடிக்கை. குரலை நீக்க ஒரு பழைய குறுக்குவழி உண்டு: இடதிலிருந்து வலதைக் கழித்துவிடுவது. குரல் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதால் கழித்ததும் பூஜ்யம், வாத்தியங்கள் மிச்சம். அந்த மிச்சத்தை ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் வைத்து ஸ்டீரியோ மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். ஒரு பக்கத்தில் அலை மேலே போகும்போது மறுபக்கத்தில் அதே அளவு கீழே போகிறது. மோனோவில் இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். கூட்டுத்தொகை பூஜ்யம், காதுக்கு மௌனம். "அகலமாக" ஒலிக்கவேண்டும் என்று செயற்கையாக இழுத்த சில பதிவுகளிலும் இது கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும், எதிரொலியும் சில வாத்தியங்களும் மெலிந்துபோகும்.

கண்டுபிடிப்பது சுலபம். மோனோவை அணைத்ததும் அந்த டிராக் நன்றாகக் கேட்டால், பதிவில்தான் கோளாறு. அந்த ஒரு டிராக்குக்கு மட்டும் அணைத்து வைத்துக் கேளுங்கள், முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

எனக்கு ஒரு காது முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் மந்தம்தான். நானும் மோனோ போடவேண்டுமா?

உங்களுக்குத்தான் பேலன்ஸ் ஸ்லைடர் உண்மையில் உதவும். மோனோவை அணைத்தே வைத்து, மந்தமான காது பக்கம் ஸ்லைடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். செய்தி வாசிப்பவர் குரல் மாதிரி நடுவில் ஒலிக்கவேண்டிய ஒரு குரலை ஓடவிட்டு, அது தலைக்கு நடுவில் வந்து உட்காருகிற இடத்தில் நிறுத்துங்கள். ஸ்லைடர் நல்ல காதின் சத்தத்தைத்தான் குறைக்கிறது, மந்தமான காதுக்குக் கூட்டுவதில்லை, ஆகவே பிறகு மொத்த வால்யூமை ஒரு படி ஏற்றவேண்டி வரும்.

ஆனால் மந்தம் என்பது பல பேருக்கு எல்லாச் சுருதியிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கனமான ஓசை கேட்கும், "ச", "ஸ" போன்ற கூர்மையான ஓசைகள் மட்டும் கேட்காது. அதைப் பேலன்ஸ் சரிசெய்யாது. ஐபோனில் அதே Audio & Visual பகுதியில் Headphone Accommodations என்று இருக்கிறது, ஆடியோகிராம் இருந்தால் அதை வைத்தே ஒவ்வொரு காதுக்கும் தனியாகச் சத்தத்தை அமைத்துக்கொள்ளும். எல்லா இயர்ஃபோனிலும் இது வேலை செய்யாது, ஆப்பிளின் சில இயர்ஃபோன்களிலும் பீட்ஸில் சில மாடல்களிலும்தான். சாம்சங்கில் Sounds and vibration-க்குள் இருக்கிற Adapt sound கிட்டத்தட்ட இதே வேலை. காதுப் பரிசோதனை செய்த ஆடியோகிராம் தாள் வீட்டில் எங்காவது கிடக்கும், தேடி எடுங்கள்.

அப்படிச் செய்தும் அந்தக் காதில் பேச்சு புரியவில்லை, சத்தம் மட்டும் இரைச்சலாக வருகிறது என்றால் மோனோவுக்கு வந்துவிடுங்கள்.

Spatial Audio, டால்பி அட்மாஸ் எல்லாம் போடலாமா?

அணைத்துவிடுங்கள். சத்தம் சுற்றிலும் பல திசைகளிலிருந்து வருவது போல் காட்டுகிற வசதிகள் இவை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்ற உணர்வு பெரும்பாலும் இரண்டு காதுக்கும் இடையே வருகிற நேர வித்தியாசத்திலும் அளவு வித்தியாசத்திலும்தான் பிறக்கிறது. அந்த நேர வித்தியாசம் அதிகபட்சமே ஒரு மில்லிசெகண்டுக்குள். ஒரு காதுக்கு ஒப்பிட இன்னொன்று இல்லை. தலை அசைவைப் பின்தொடர்கிற வகையாக இருந்தால் இன்னும் மோசம், தலையை ஒரு பக்கம் திருப்பினால் வசனம் மெலிந்துபோகும், ஏன் என்றே புரியாது.

கேம் விளையாடும்போது எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியவில்லை. ஏதாவது வழி?

மோனோவால் கிடைப்பது காலடிச் சத்தம் கேட்பது, அவ்வளவுதான். ஸ்டீரியோவில் மறுபக்கத்துக் காலடி கேட்கவே கேட்காது என்பதால் அதுவே லாபம். திசைக்குக் கண்ணைத்தான் நம்பவேண்டும். ஃபோர்ட்நைட்டில் Visualize Sound Effects என்று இருக்கிறது, சத்தம் வருகிற திசையைத் திரையின் நடுவைச் சுற்றி வட்டமாகக் காட்டும். பப்ஜி மொபைலில் சின்ன வரைபடத்திலேயே காலடியும் துப்பாக்கிச் சத்தமும் குறியாகத் தெரியும். இப்படி எதுவும் இல்லாத கேம்களில் நான் ஒரு தந்திரம் செய்வேன்: கேமுக்கு மட்டும் மோனோவை அணைத்துவிட்டு, சந்தேகம் வந்ததும் ஆட்டக்காரனைச் சட்டென்று ஒருமுறை திருப்புவேன். எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் என் இடது காதில் பெரிதாகிறதோ அதை வைத்துத் திசையைப் பிடித்துவிடலாம். மெதுவான ஆட்டத்துக்கு இது சரி, வேகமான ஆட்டத்தில் அதற்குள் ஆள் காலி.

வால்யூமை மற்றவர்களைவிட அதிகமாக வைக்கவேண்டி இருக்கிறது. அது பரவாயில்லையா?

அதிகமாக வைக்கத் தோன்றுவது இயல்பு. இரண்டு காதாலும் கேட்கும்போது மூளை இரண்டையும் சேர்த்து, அதே சத்தத்தைக் கொஞ்சம் பெரிதாக உணர்கிறது, நமக்கு அந்தச் சேர்க்கை இல்லை. ஒரு காது திறந்தே இருந்தாலும், அது கேட்காத காது என்பதால் அதில் வரும் இரைச்சல் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை என்பது மட்டும் நமக்குச் சாதகம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. 90-க்குப் போனால் வாரத்துக்கே ஏறக்குறைய 4 மணி நேரம்தான். ஐபோனில் Sounds & Haptics-க்குள் Headphone Safety என்ற இடத்தில் இந்த டெசிபல் உச்சத்தை நீங்களே குறித்துவைக்கலாம், நான் 80-இல் வைத்திருக்கிறேன். சாம்சங்கில் வால்யூம் பகுதிக்குள் Media volume limit என்று இருக்கும். சத்தத்தைக் கூட்டாமல் தெளிவைக் கூட்டுவதற்கு நல்ல வழி, காதுக்குச் சரியாகப் பொருந்துகிற ரப்பர் முனை. பெட்டியில் மூன்று அளவு கொடுத்திருப்பார்கள், நடுத்தரத்தையே எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். எனக்கு இடது காதுக்குப் பெரியதுதான் சரி என்று தெரிந்துகொள்ளவே ரொம்ப நாள் ஆயிற்று, மாற்றியதும் வால்யூம் இரண்டு புள்ளி இறங்கியது.

ரோட்டில் நடக்கும்போது ஒரே காதையும் அடைத்துக்கொள்வது பயமாக இருக்கிறது. போன் கண்டக்ஷன் வாங்கலாமா?

பயம் நியாயமானது. மற்றவர்கள் ஒரு பட்டைக் கழற்றிவிட்டால் இன்னொரு காது வெளியே கேட்கும், நமக்கு அந்த இரண்டாவது காது கிடையாது. ரோட்டில் இரைச்சல் குறைப்பு கூடவே கூடாது. வெளிச்சத்தத்தை உள்ளே விடுகிற டிரான்ஸ்பரன்ஸி நிலை ஓரளவு உதவும்.

போன் கண்டக்ஷன் என்பது காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் ஒட்டி உட்கார்ந்து, அதிர்வை மண்டை எலும்பு வழியே அனுப்புகிற ஹெட்செட். அதிர்வு மண்டையின் குறுக்கே அதிகம் குறையாமல் போய்விடும். வலது பக்கத்தில் வைத்த கருவி எழுப்புகிற சத்தமும் என் இடது உட்காதுக்கு வந்துசேரும், கொஞ்சம் மங்கலாக. காது துளை திறந்தே இருப்பதால் ஹார்ன் கேட்கும். காதுத் துளை பிறவியிலேயே மூடியிருப்பவர், நடுக்காதில் கோளாறு உள்ளவர் ஆகியோருக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு, உட்காது நன்றாக இருந்தால் அந்தக் கேட்காத காதிலேயே சத்தம் கேட்கலாம். எனக்கு உட்காதே போனதால் அந்த அதிர்ஷ்டம் இல்லை. இதிலும் ஃபோனில் மோனோ போட்டே வையுங்கள். பஸ்ஸில் இது எடுபடாது, எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் புரியாது, வால்யூமை ஏற்றினால் கன்னம் கூசும். எது போட்டாலும் ஹார்ன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியப்போவதில்லை, ரோட்டைக் கடக்கும்போது பாட்டை நிறுத்திவிடுகிறேன்.

நான் வீடியோ போடுகிறேன். ஒரு காதுக்காரர்கள் பாதியை இழக்காமல் இருக்க என்ன செய்யவேண்டும்?

மைக் ரிசீவரை மோனோ நிலையில் வைத்துப் பதிவு செய்யுங்கள், பிரச்சினையே வராது. ஏற்கெனவே பிரித்துப் பதிவான கோப்பு கையில் இருந்தால், படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் கலந்துவிட ffmpeg என்ற இலவசக் கட்டளை நிரலில் ஒரு வரி போதும்:

```
ffmpeg -i in.mp4 -c:v copy -ac 1 out.mp4
```

ஏற்றுவதற்கு முன் இரண்டு பட்டையும் மாட்டிக்கொண்டு, பேலன்ஸை முதலில் ஒரு முனைக்கும் பிறகு மறுமுனைக்கும் முழுசாகத் தள்ளி, இரண்டு தடவை கேட்டுப் பாருங்கள். மோனோ செட்டிங் அணைந்திருக்கவேண்டும், அது போட்டிருந்தால் கோளாறு மறைந்துவிடும்.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று பட்டில் சத்தம் ரொம்பக் குறைந்துவிட்டது. பட்டா, காதா?

முதலில் பட்டின் வலையை வெளிச்சத்தில் பாருங்கள். குறும்பி ஒட்டி அடைத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். ஒரே பட்டையே எந்நேரமும் பயன்படுத்துகிற நமக்கு அது சீக்கிரம் அடைக்கும். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால், வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தட்டுங்கள். ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம், வலை கிழிந்தால் அத்தோடு சரி. அதன் பிறகும் சந்தேகமாக இருந்தால் அந்தப் பட்டை வீட்டில் வேறொருவர் காதில் துடைத்து வைத்துப் பாருங்கள், அல்லது வேறு இயர்ஃபோனில் அதே பாட்டைக் கேளுங்கள்.

அவர்களுக்கு நன்றாகக் கேட்டாலோ, வேறு இயர்ஃபோனிலும் உங்களுக்குக் குறைவாகவே கேட்டாலோ, அது காது. அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். சளி, அடைப்பு, தானாகச் சரியாகும் என்று ஒரு வாரம் தள்ளாதீர்கள். வெறும் குறும்பியாக இருக்கலாம், எடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் திடீரென்று உட்காதில் கேட்கும் திறன் இறங்குகிற நோய் ஒன்று இருக்கிறது, சில சமயம் இரைச்சலும் தலைச்சுற்றலும் கூடவே வரும். அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு, வாரங்கள் போகப் போக அது குறைந்துகொண்டே போகும். டாக்டரிடம் "எனக்கு இன்னொரு காது ஏற்கெனவே கேட்காது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வரவேற்பு மேஜையிலும் அதையே சொல்லுங்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிடக் கூடாது.

பயன்படுத்தாத பட்டை என்ன செய்வது? காசு கொடுத்து இரண்டு வாங்கி ஒன்று சும்மா கிடக்கிறதே?

டப்பாவிலேயே விட்டுவிடுங்கள், வெளியே எடுத்தால் முன்னே சொன்ன பாதிச் சத்தப் பிரச்சினை வரும். அதைக் கேட்கிற காதுக்கு மாற்றிப் போடவும் முடியாது, இடது வலது வடிவம் வேறு, மாற்றி வைத்தால் கழன்று விழும். இரண்டு மூன்று வருஷத்தில் தினமும் பயன்படுத்துகிற பட்டின் பேட்டரி தேய்ந்துபோகும், மற்றது கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். ஆகவே வாங்கும்போதே ஒற்றைப் பட்டை மட்டும் தனியாக விற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில கம்பெனிகள் விற்கின்றன. சும்மா கிடக்கிற பட்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம் என்றால், என்னைப் போல வலது காது கேட்காதவர் இன்னொருவர் பக்கத்தில் இருந்து பிரயோஜனமில்லை, இடது காது கேட்காத ஒருவர்தான் எனக்கு வேண்டும். அதே மாடலாகவும் இருக்கவேண்டும். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.